முதல் நூலாக எதை எடுப்பது? பெண் வரலாற்று அறிமுகங்கள் சில

பெண்களின் வரலாற்றையும் பெண்ணியத்தையும் அறிந்துகொள்ள ஒரு நூல் சொல்லுங்கள், ஆனால் பிரச்சாரமாக இருக்கக் கூடாது, படிக்கவும் முடிய வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கோரிக்கைதான். தமிழில் இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’. ‘குடிஅரசு’ கட்டுரைகளின் தொகுப்பான அந்தச் சிறு நூல் கற்பு, சொத்துரிமை, கர்ப்பத்தடை என ஒவ்வொன்றாக எடுத்து உடைக்கிறது. ஒரு தரப்பின் வாதம் எவ்வளவு தெளிவாக இருக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று தமிழில் இல்லை என்பேன். ஆனால் யார், எப்போது, எங்கே, என்ன செய்தார்கள் என்று அறிய வந்தவருக்கு அதில் விடை கிடைக்காது. அது அதற்காக எழுதப்பட்டதும் அல்ல. வரலாறு வேண்டுமென்றால் வேறு நூல்களுக்குத்தான் போக வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆகவே கல்லூரி ஆங்கிலம் உள்ள ஒரு தமிழ் வாசகரை மனத்தில் வைத்தே இங்கு எடைபோடுகிறேன்.

எடைபோடுவதற்கு முன் நடுநிலை என்று எதைச் சொல்கிறோம் என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்றவர்களுக்கும் வேண்டாம் என்றவர்களுக்கும் சம பக்கங்கள் ஒதுக்கும் நூல் யாருக்கும் பயன்படாது. இந்தத் துறையில் எழுதுபவர்கள் அனைவரும் ஏதோ ஒரு பக்கம் நிற்பவர்களே. அதை மறைக்காதவர்களை நம்புவது எளிது. நான் பார்ப்பது இரண்டைத்தான். ஆதாரம் தீர்ந்துபோகும் இடத்தில் நூல் என்ன செய்கிறது? தன் தரப்புக்குள்ளேயே பிளவு வந்தபோது அதை எப்படிச் சொல்கிறது? எந்த அறிமுக நூலையும் கையில் எடுத்து இந்த இரண்டு இடங்களை மட்டும் தேடிப் படித்தால் போதும், மிச்சத்தை ஊகித்துவிடலாம்.

முதல் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் எண்ணின் கதையைச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டவர்கள் 90 லட்சம் பேர் என்று பல நூல்களில் படித்திருப்பீர்கள். 1784இல் ஃபோய்க்ட் என்ற ஜெர்மானியர், தம் ஊரான க்வெட்லின்புர்கின் பழைய ஆவணங்களில் கண்ட சில வழக்குகளை நூற்றாண்டுகளாலும் ஐரோப்பாவின் மக்கள்தொகையாலும் பெருக்கி எடுத்த எண் அது. அமெரிக்கப் பெண் உரிமைப் போராளி மட்டில்டா ஜாஸ்லின் கேஜ் 1893இல் எழுதிய நூலில் அது இடம்பெற்றது. பிறகு கைமாறிக் கைமாறி 20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை வந்தது. நீதிமன்றப் பதிவுகளை ஊர் ஊராக எண்ணிய வரலாற்றாசிரியர்கள் இன்று சொல்வது சுமார் 40,000 முதல் 60,000 வரை. அவர்களில் முக்கால் பங்குக்கு மேல் பெண்கள். கொடுமை இதனால் குறைந்துவிடவில்லை. ஆனால் 90 லட்சத்தைச் சரிபார்க்காமல் அச்சிட்ட நூலின் மற்ற எண்களையும் ஒருமுறை சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

இதே சோதனைக்கு இன்னும் பெரிய இடம் ஒன்று இருக்கிறது. ஆணாதிக்கம் எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன இருந்தது என்ற கேள்விதான் அது. சுவிஸ் அறிஞர் பாகோஃபென் 1861இல் தாய்வழி ஆட்சி என்ற கருத்தை முன்வைத்தார். எங்கெல்ஸ் 1884இல் அதைத் தனிச்சொத்தின் தோற்றத்தோடு இணைத்தார். அன்றிலிருந்து பெண்கள் ஆண்ட ஒரு பொற்காலம் இருந்தது என்ற நம்பிக்கை ஓயவில்லை. ராசலிண்ட் மைல்ஸ் 1988இல் எழுதிய ‘த விமன்ஸ் ஹிஸ்டரி ஆஃப் த வேர்ல்ட்’ உலகெங்கும் நன்றாக விற்ற நூல். நகைச்சுவையும் வேகமும் கொண்ட நடை. ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஆனால் அதன் தொடக்க அத்தியாயங்களில் மாபெரும் அன்னைத் தெய்வத்தின் யுகம் கிட்டத்தட்ட நிறுவப்பட்ட செய்தியாகவே நடக்கிறது. மண்ணில் கிடைத்த பெண் உருவங்களிலிருந்து பெண் தெய்வத்துக்கும், பெண் தெய்வத்திலிருந்து பெண்களின் அதிகாரத்துக்கும் ஒரே தாவலில் போகிறார். மூலைக்கு மூலை அம்மன் கோயில் உள்ள ஊரில் வாழும் நமக்கு இந்தத் தாவலின் பலவீனத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. தெய்வம் பெண்ணாக இருப்பதால் வீட்டில் பத்திரம் அவள் பெயரில் எழுதப்பட்டுவிடுவதில்லை.

மைல்ஸுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1986இல், அதே கேள்வியோடு வந்த நூல் கெர்டா லெர்னரின் ‘த கிரியேஷன் ஆஃப் பேட்ரியார்க்கி’. லெர்னர் வியன்னாவில் பிறந்த யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்தவர். பெண் வரலாறு என்ற பாடம் பல்கலைக்கழகங்களில் காலூன்றக் காரணமானவர்களில் முதன்மையானவர். தாய்வழி ஆட்சி என்ற பொற்காலத்துக்கு ஆதாரம் இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டுத்தான் அவர் தொடங்குகிறார். ஆண்களும் பெண்களும் ஓரளவு சமமாக வாழ்ந்த சமூகங்கள் இருந்திருக்கலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது என்பது அவர் நிலை. துருக்கியின் சத்தல்ஹூயுக் அகழாய்வில் ஜேம்ஸ் மெல்லார்ட் எடுத்த பெண் உருவங்களையும் கல்லறைகளையும் அவர் எச்சரிக்கையோடுதான் கையாள்கிறார். அந்த எச்சரிக்கை பலித்தது. 1993 முதல் அங்கே மீண்டும் தோண்டிய இயன் ஹாடரின் குழு எலும்புகளை ஆராய்ந்தபோது ஆண்களும் பெண்களும் ஏறத்தாழ ஒரே உணவை உண்டு, ஒரே மாதிரி வாழ்ந்ததாகவே தெரிந்தது. அன்னையின் ஆட்சி அங்கே தென்படவில்லை.

லெர்னரின் பலம் எழுத்து ஆவணம் கிடைக்கும் இடத்துக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. அசிரியச் சட்டங்களின் நாற்பதாவது பிரிவை அவர் படிக்கும் விதத்தை எடுத்துக்கொள்வோம். அசுர் நகரில் கிடைத்த களிமண் பலகைகளில் உள்ள சட்டம் அது. நம் கைக்கு வந்த பிரதி ஏறக்குறைய கி.மு. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுதந்திர ஆணின் மனைவியும் மகளும் விதவையும் தெருவில் முக்காடிட்டுப் போக வேண்டும் என்கிறது சட்டம். எஜமானியோடு போகும் ஆசைநாயகியும் முக்காடிட வேண்டும். விலைமகள் முக்காடிடக் கூடாது. இட்டால் பிடித்து அரண்மனை வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். 50 அடி கொடுத்துத் தலையில் கீல் ஊற்ற வேண்டும். அடிமைப் பெண் முக்காடிட்டால் காதை அறுக்க வேண்டும். இதெல்லாம் பெண்களுக்கான தண்டனை. முக்காடிட்ட விலைமகளைப் பார்த்தும் பேசாமல் போகும் ஆணுக்கும் 50 அடி. காதைத் துளைத்துக் கயிறு கோத்துப் பின்னால் கட்டி, ஒரு மாதம் அரசனுக்கு ஊழியம் செய்ய வைக்க வேண்டும்.

மற்றவர்கள் இதில் முக்காட்டின் வரலாற்றைப் பார்ப்பார்கள். லெர்னர் வர்க்கத்தின் வரலாற்றைப் பார்க்கிறார். ஆணின் இடம் அவனிடம் என்ன சொத்து இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெண்ணின் இடமோ அவள் எந்த ஆணோடு, எந்த உறவில் இருக்கிறாள் என்பதைப் பொறுத்தது. ஒரே ஆணின் பாதுகாப்பில் இருப்பவள் மரியாதைக்குரியவள், மற்றவள் அப்படியல்ல என்று தெருவிலேயே தெரியும்படி அரசு அடையாளம் போடுகிறது. பெண்களைப் பெண்களிடமிருந்து பிரிப்பதுதான் இந்த ஏற்பாடு நீடித்ததன் ரகசியம் என்பது அவர் முடிவு. பார்த்தும் சொல்லாத ஆணுக்கு ஏன் இவ்வளவு கடுமையான தண்டனை என்று அவர் கேட்கும்போது, இது குடும்ப வழக்கமாக மட்டும் இல்லாமல் அரசின் கொள்கையாகிவிட்டது என்பது வாசகருக்கே விளங்கிவிடுகிறது. ஒரு சட்டப் பிரிவை இப்படிப் பிரித்துக் காட்டும் நூல், வரலாற்றைப் படிக்கவும் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. லெர்னர் அசிரியவியல் அறிஞர் அல்லர். களிமண் பலகைகளை மொழிபெயர்ப்பில்தான் படித்தார். மெசொப்பொத்தாமியாவையும் எபிரேய வேதத்தையும் கிரேக்கத்தையும் கொண்டு மேற்கத்திய நாகரிகத்தின் ஆணாதிக்கத்தை அவர் கட்டுகிறார். இந்தியாவும் சீனாவும் அந்தக் கணக்கில் இல்லை. முதலில் அடிமைகளாக்கப்பட்டவர்கள் போரில் பிடிபட்ட பெண்களே, அடிமைமுறையை ஆண்கள் பெண்கள்மீது பழகிப் பார்த்துக் கற்றார்கள் என்ற அவருடைய முக்கிய வாதம் பாதி சான்று, பாதி ஊகம். ஆனால் எது சான்று, எது ஊகம் என்று நூலுக்குள்ளேயே தெரிகிறது. மைல்ஸுக்கும் லெர்னருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். மைல்ஸை ரசிக்கலாம், லெர்னரோடு வாதிடலாம். சமநிலை தேடுபவர் வாதிட முடிகிற நூலையே வாங்க வேண்டும்.

இனி பெண்ணியம் என்ற இயக்கத்தின் வரலாறு. இங்கே கடைகளில் சுலபமாகக் கண்ணில் படுவது மார்கரெட் வால்டர்ஸ் 2005இல் ஆக்ஸ்ஃபோர்டின் மிகச் சிறு அறிமுக வரிசைக்கு எழுதிய ‘ஃபெமினிசம்’. பையில் அடங்கும் அளவு, தெளிவான ஆங்கிலம், கால வரிசை. பெண்ணியத்தின் வேரை மத்தியகாலத் துறவினிகளிடமும் 17ஆம் நூற்றாண்டுக் குவேக்கர் பெண்களிடமும் தேடுவது இந்த நூலின் நல்ல அம்சம். மதம் என்றாலே எதிரி என்று எழுதப்பட்ட நூல்களுக்கு இது நல்ல மாற்று. ஓட்டுரிமைப் போரில் மனுக்கொடுத்துப் பொறுமையாகப் போராடியவர்களுக்கும் கண்ணாடி உடைத்துச் சிறை சென்றவர்களுக்கும் தனித்தனி அத்தியாயம் தந்திருப்பதும் நேர்மையானதே. ஆனால் அது பிரிட்டனின் கதை. பத்தாவது அத்தியாயத்துக்கு வந்த பிறகுதான் மற்ற உலகம் நினைவுக்கு வருகிறது. லத்தீன் அமெரிக்காவும் ஆசியாவும் ஆப்பிரிக்காவும் ஒரே அத்தியாயத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன. அட்டையில் பிரிட்டன் என்று போட்டிருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்படிப் போடாததால், பெண்ணியம் லண்டனில் பிறந்து வெளியூர் போயிற்று என்ற எண்ணம் புதிய வாசகருக்கு வந்துவிடும்.

பெல் ஹூக்ஸ் 2000இல் எழுதிய ‘ஃபெமினிசம் இஸ் ஃபார் எவ்ரிபடி’யை இதே கேள்விக்குப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். எளிமையில் அதற்கு ஈடு இல்லை. வெள்ளை, வசதியான பெண்களின் பெண்ணியத்தைக் கறுப்பினப் பெண் ஒருவர் உள்ளிருந்தே விமர்சிப்பதால் என் இரண்டாவது கேள்வியில் அது தேறிவிடும். முதல் கேள்வியில் தேறாது. அடிக்குறிப்பும் ஆதாரமும் இல்லாமல் அனுபவத்திலிருந்து பேசும் துண்டறிக்கை அது. நல்ல துண்டறிக்கை, வரலாறு கேட்டவர் கையில் கொடுக்க வேண்டியது அல்ல.

வால்டர்ஸின் குறைக்கு நேர் மருந்து குமாரி ஜயவர்தன 1986இல் வெளியிட்ட ‘ஃபெமினிசம் அண்ட் நேஷனலிசம் இன் த தேர்ட் வேர்ல்ட்’. இலங்கையைச் சேர்ந்த இடதுசாரி வரலாற்றாசிரியரான அவர் ஹேக் நகரில் நடத்திய பாடங்களிலிருந்து உருவான நூல் இது. துருக்கி, எகிப்து, ஈரான் தொடங்கி இந்தியா, இலங்கை வழியாகச் சீனா, கொரியா, ஜப்பான் வரை நாட்டுக்கு ஓர் அத்தியாயம். பெண்ணியம் மேற்கிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று இங்குள்ள பழமைவாதிகளும் சொன்னார்கள், சில மேற்கத்தியரும் பெருமையாகச் சொன்னார்கள். இருவருக்கும் அவர் தரும் பதில், அந்தந்த நாட்டின் காலனிய எதிர்ப்பும் உள்நாட்டுச் சீர்திருத்தமுமே அதைப் பெற்றெடுத்தன என்பதுதான். அதே மூச்சில் தேசிய இயக்கங்களின் குறையையும் சொல்லிவிடுகிறார். அவை பெண்ணைப் படிக்க வைத்தன, தெருவுக்கும் கொண்டுவந்தன; குடும்பத்துக்குள் அவள் இடத்தை மட்டும் தொடவில்லை. தாம் கொண்டாடும் இயக்கத்தின்மீதே இப்படிக் கை வைக்கும் துணிவுதான் இந்த நூலை நாற்பது ஆண்டுகள் தாங்கிப் பிடித்திருக்கிறது. படிக்கும்போது சலிப்பு வரும். நாட்டுக்கு நாடு ஒரே சட்டகம்: முதலில் பொருளாதாரம், பிறகு சீர்திருத்த ஆண்கள், பிறகு படித்த பெண்கள். தொடர்ச்சியாகப் படிக்காமல், தேவையான நாட்டை எடுத்துப் படிப்பதே இதற்கு ஏற்ற முறை.

இந்தியாவை மட்டும் எடுத்துக்கொண்டால் போட்டி இரண்டு நூல்களுக்கிடையில்தான். ஜெரால்டின் ஃபோர்ப்ஸ் 1996இல் கேம்பிரிட்ஜின் புதிய இந்திய வரலாற்று வரிசைக்கு எழுதிய ‘விமன் இன் மாடர்ன் இந்தியா’ ஒன்று. ராதா குமார் 1993இல் எழுதி டெல்லியின் காளி ஃபார் விமன் வெளியிட்ட ‘த ஹிஸ்டரி ஆஃப் டூயிங்’ இன்னொன்று. ஃபோர்ப்ஸ் அமெரிக்கப் பேராசிரியர். பெண்கள் அமைப்புகளின் கோப்புகளையும் கடிதங்களையும் தேடிப்பிடித்து, வயதான போராளிகளை நேரில் பேட்டி கண்டு எழுதியவர். குமார் டெல்லியின் பெண்கள் குழுக்களில் தாமே தெருவில் நின்றவர். ஒருவர் வெளியிலிருந்து வந்தவர், மற்றவர் உள்ளே இருந்தவர். நடுநிலை தேடுபவர் உடனே வெளியாளைத் தேர்ந்தெடுத்துவிடுவார். அது சரிதானா என்று இரண்டாவது கேள்வியை வைத்துப் பார்க்கலாம்.

ஃபோர்ப்ஸின் நான்காவது அத்தியாயம் ஓட்டுரிமையைப் பற்றியது. நமக்கு மிக அருகில் நடந்த கதை. 1917இல் அடையாற்றில் பெண்கள் இந்தியச் சங்கம் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு சென்னையில் பிரிட்டிஷ் அரசின் இந்தியா அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து ஓட்டுரிமை கேட்டது. 1921இல் சென்னை மாகாணம் சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு ஓட்டு தந்தது. இதுவரை எல்லா நூலிலும் இருக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான். 1930இல் லண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டுக்கு அரசு இரண்டு பெண்களை நியமித்தது. ஒருவர் பேகம் ஷா நவாஸ். இன்னொருவர் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்து ராதாபாய் சுப்பராயன். சட்டமன்றங்களில் பெண்களுக்குச் சிறிது காலத்துக்காவது இட ஒதுக்கீடு வேண்டும், ஒதுக்காவிட்டால் எந்தக் கட்சியும் பெண்ணை நிறுத்தாது என்பது அவர்கள் வாதம்.

பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்தன. பெண்கள் இந்தியச் சங்கமும் அகில இந்தியப் பெண்கள் மாநாடும் இன்னோர் அமைப்பும் சேர்ந்து 1931இல் தந்த அறிக்கை, வயது வந்த அனைவருக்கும் ஓட்டு வேண்டும், பெண்களுக்கென்று தனிச் சலுகை எதுவும் வேண்டாம் என்றது. காங்கிரஸின் கொள்கையும் அதுதான். ஃபோர்ப்ஸ் இந்த இடத்தில் யாரையும் துரோகி ஆக்கவில்லை. சலுகை வேண்டாம் என்றவர்களின் கொள்கை உறுதியையும், அவர்கள் காங்கிரஸுக்கு எவ்வளவு கட்டுப்பட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். ராதாபாயின் நடைமுறைக் கணக்கும் அதே அளவு இடம் பெறுகிறது. பிறகு வகுப்புவாரித் தீர்ப்பு வந்ததும், இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து நின்ற அந்த அமைப்புகளுக்குள்ளேயே விரிசல் விழுந்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு ஒதுக்கிய இடங்களை மதவாரியாகப் பிரித்துத் தந்தது. பெண்கள் எல்லோரும் ஒன்று என்று சொல்லிக்கொண்டிருந்த இயக்கம் தான் ஒன்றல்ல என்று தெரிந்துகொண்ட தருணம் அது. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மகளிர் இட ஒதுக்கீட்டுச் சட்டத்தையும், அதில் பிற்படுத்தப்பட்ட, முஸ்லிம் பெண்களுக்கு உள் ஒதுக்கீடு வேண்டும் என்று எழுந்த குரல்களையும் அறிந்தவர்கள் இந்த அத்தியாயத்தை மறக்கமாட்டார்கள்.

கல்வி பற்றிய அத்தியாயத்தில் சகோதரி சுப்பலட்சுமி வருகிறார். குழந்தை விதவையாகி, 1911இல் பட்டம் பெற்று, சென்னையில் பிராமண இளம் விதவைகளுக்கு விடுதி தொடங்கிப் படிக்க வைத்தவர். நம் ஊர்ப் பாராட்டுக் கட்டுரைகள் இந்த வரியோடு நிறுத்திவிடும். விடுதியில் சாதி ஆசாரம் காக்கப்பட்டது, அதனால்தான் வைதிகக் குடும்பங்கள் பெண்களை அனுப்பின என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர் செய்தது எவ்வளவு, விட்டது எவ்வளவு என்று விளங்கும். பொட்டுக் கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த சிறுமிகளுக்கு எந்த விடுதியிலும் இடம் கிடைக்காமல்தான் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார் என்பதை இதோடு பொருத்திப் பாருங்கள்.

ஃபோர்ப்ஸின் குறையும் இங்கிருந்தே தொடங்குகிறது. அமைப்புகளின் கோப்புகளிலிருந்து எழுதினால் கோப்பு வைத்திருந்த பெண்களின் வரலாறுதான் கிடைக்கும். சுரங்கத்திலும் சணல் ஆலையிலும் வேலை செய்த பெண்களுக்கு ஓர் அத்தியாயம் தந்திருக்கிறார், உண்மை. ஆனால் கதையை நடத்திச் செல்பவர்கள் ஆங்கிலம் படித்த, மேல்சாதிப் பெண்களே. 1929இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. அகில இந்திய அமைப்புகளின் கதையை மட்டும் படித்தவருக்கு அந்த மேடையின் கனம் தெரியாது. மூவலூர் ராமாமிர்தத்தின் உலகமும் தெரியாது. அதற்கு வ. கீதாவும் எஸ்.வி. ராஜதுரையும் எழுதிய சுயமரியாதை இயக்க வரலாற்றுக்குத்தான் போக வேண்டும். அது அறிமுக நூல் அளவில் இல்லை.

ராதா குமாரின் நூல் பெரிய அளவில், படங்கள் நிறைந்தது. துண்டறிக்கைகள், சுவரொட்டிகள், ஊர்வலப் புகைப்படங்கள். 19ஆம் நூற்றாண்டுப் பகுதி சுமார்தான். ஃபோர்ப்ஸ் அங்கே பல படி மேல். 1970களுக்கு வந்ததும் நூல் உயிர் பெறுகிறது. 1972இல் மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்தில் பழங்குடிச் சிறுமி ஒருத்தி வன்புணர்வுக்கு உள்ளானாள். உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. 1979இல் நான்கு சட்ட ஆசிரியர்கள் நீதிபதிகளுக்குத் திறந்த மடல் எழுதினார்கள். நாடெங்கும் குழுக்கள் முளைத்தன. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. வெற்றிக் கதையாகவே இதை முடித்துவிடலாம். குமார் முடிக்கவில்லை. சட்டம் மாறிய பிறகும் வழக்குகள் மாறாததையும், சட்டத்தையே நம்பி ஓடியது சரியா என்று குழுக்கள் தங்களையே கேட்டுக்கொண்டதையும் எழுதுகிறார்.

ஷா பானு வழக்கில் இந்த நேர்மை இன்னும் கூர்மையாகிறது. 1985இல் உச்ச நீதிமன்றம் விவாகரத்தான ஷா பானுவுக்கு ஜீவனாம்சம் கொடுக்கச் சொன்னது. முஸ்லிம் அமைப்புகள் கொதித்தன. 1986இல் நாடாளுமன்றம் அந்தத் தீர்ப்பைப் பின்தள்ளும் சட்டம் கொண்டுவந்தது. பொது உரிமையியல் சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த பெண்கள் குழுக்கள் திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் அதே முழக்கத்தோடு இந்து வகுப்புவாதிகள் நின்றார்கள். ஷா பானுவே நெருக்கடியில் தம் உரிமையை வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது. அடுத்த ஆண்டு தேவராலாவில் ரூப் கன்வர் சிதையில் எரிந்தபோது, உடன்கட்டையை ஆதரித்து ஊர்வலம் போனவர்களிலும் பெண்கள் இருந்தார்கள்; பெண்ணின் உரிமை என்ற பெண்ணிய மொழியையே அவர்கள் கையில் எடுத்திருந்தார்கள். பெண்களின் பெயரில் பேசுகிறோம் என்றவர்களுக்கு இதைவிடச் சங்கடமான காட்சி இருக்க முடியாது. குமார் அந்தச் சங்கடத்தை மூடவில்லை. இவ்வளவு விவரமாக அதை எழுத உள்ளே நின்றவரால்தான் முடியும். வெளியாள்தான் நடுநிலையானவர் என்ற எண்ணம் இந்தப் பக்கங்களில் கலைந்துபோகிறது.

குமாரின் நூலில் தென்னிந்தியா குறைவு. டெல்லி, பம்பாய், வங்காளம் வந்த அளவு சென்னை வரவில்லை. 1990இல் நின்றுவிடுவதால் உள்ளாட்சி இட ஒதுக்கீடும், பணியிடப் பாலியல் தொல்லை பற்றிய 1997ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பும், தலித் பெண்கள் தங்களுக்கெனத் தனி அமைப்பு கண்டதும் அதற்குப் பின்னால் விழுந்துவிட்டன.

லூசி டிலாப் 2020இல் எழுதிய ‘ஃபெமினிசம்ஸ்’ பற்றியும் ஒரு வார்த்தை, ஏனெனில் புதியது என்பதற்காகவே பலர் அதை வாங்குகிறார்கள். கனவு, பொருள், உடை, பாட்டு என்று தலைப்புகளாகப் பிரித்து உலகைச் சுற்றுகிறது. ரொக்கையா ஹுசைனின் ‘சுல்தானாவின் கனவு’ போன்றவற்றுக்கு அதில் நல்ல இடம் உண்டு. அந்தக் கதை 1905இல் முதலில் அச்சானது கமலா சத்தியநாதன் சென்னையிலிருந்து நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசீன்’ இதழில் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் எது முன்னால், எது பின்னால், எதனால் எது நடந்தது என்று ஏற்கெனவே அறிந்தவருக்குத்தான் இந்த அமைப்பு சுவைக்கும். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ படிக்க வேண்டிய நூல்.

என் தீர்ப்பு இது. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஃபோர்ப்ஸ். ஆதாரம் இருக்கிறது, நடை நேரானது, பிளவை மறைப்பதில்லை, நம் ஊர் ஓரளவுக்காவது வருகிறது. இரண்டு முடியும் என்றால் குமாரின் பின்பாதி. ஃபோர்ப்ஸ் மங்கும் இடத்தில் அது தொடங்குகிறது. பழைய உலகில் ஆர்வம் உள்ளவர் லெர்னரைப் படிக்கட்டும், பென்சில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு. பிரிட்டனின் ஓட்டுரிமைப் போர் மட்டும் போதும் என்பவருக்கு வால்டர்ஸைத் தயக்கமின்றிக் கொடுக்கலாம். ஜயவர்தன நூலகத்தில் இருந்தால் இலங்கை, இந்தியா, சீனா ஆகிய மூன்று அத்தியாயங்களையாவது புரட்டுங்கள். மைல்ஸை இரவல் வாங்கிப் படித்தால் போதும்.

கடைசியாகப் பதிப்பாளர்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. ஃபோர்ப்ஸின் ஓட்டுரிமை அத்தியாயத்தில் அடையாறும் குமாரமங்கலமும் இருக்கின்றன; செங்கல்பட்டை அதோடு சேர்த்து, இருநூறு பக்கத்தில், தமிழிலேயே எழுதப்பட்ட ஒரு பெண் வரலாற்று அறிமுகம் வேண்டும். அதை எழுதக்கூடிய ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள்.